ரவுட்டர் பட்டியலில் தெரியாத சாதனம்: கண்டறிவதும் பாதுகாப்பாக வெளியேற்றுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரவுட்டரில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலை எங்கே பார்ப்பது? ஒரு பக்கத்தில் ஐந்து காட்டுகிறது, இன்னொரு பக்கத்தில் ஒன்பது காட்டுகிறது. எதை நம்புவது?

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய அதன் முகவரி தேவை. பெரும்பாலான வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். விண்டோஸ் கணினியில் கீழுள்ள கட்டளையைக் கொடுத்தால், Default Gateway என்ற வரியில் உங்கள் வீட்டுக்குரிய சரியான முகவரி தெரியும். அதை உலாவியில் இட்டு நிர்வாகக் கடவுச்சொல்லுடன் உள்ளே செல்லலாம்.

```
ipconfig
```

எண்ணிக்கை வேறுபடுவதற்குக் காரணம், அவை இரண்டும் வேறு வேறு பட்டியல்கள் என்பதே. ஒரு சாதனம் இணையும்போது ரவுட்டர் அதற்கு ஓர் ஐபி முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒதுக்குகிறது. DHCP என்ற தலைப்பின் கீழ் நீங்கள் காண்பது அந்த ஒதுக்கீடுகளின் பதிவேடு. சில ரவுட்டர்களில் இந்த ஒதுக்கீடு இரண்டு மணி நேரம் நீடிக்கும், சிலவற்றில் ஒரு நாள் முழுவதும் நீடிக்கும். ஆகவே காலையில் வந்து சென்ற விருந்தினரின் கைபேசி மாலையிலும் அந்தப் பதிவேட்டில் இருப்பதில் வியப்பில்லை. Wireless என்ற பிரிவில் உள்ள பட்டியலோ இந்த நிமிடத்தில் வைஃபை வழியே இணைந்திருப்பவற்றை மட்டும் காட்டும். கம்பி வழியே இணைந்தவை அதில் வராது. சந்தேகத்துக்குரிய சாதனம் இப்போது உள்ளே இருக்கிறதா என்பதற்கு வைஃபை பட்டியலையும், அது எப்போதாவது வந்து போனதா என்பதற்கு ஒதுக்கீட்டுப் பதிவேட்டையும் பாருங்கள்.

பட்டியலில் புரியாத பெயர் ஒன்று இருக்கிறது. யாரோ என் வைஃபையைப் பயன்படுத்துகிறார்கள் என்றுதானே பொருள்?

அந்தப் பெயரை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. பட்டியலில் தெரியும் பெயர் பெரும்பாலும் சாதனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது, ரவுட்டர் அதைச் சரிபார்ப்பதில்லை. உங்கள் வீட்டுத் தொலைக்காட்சி பெயரே சொல்லாமல் இணையலாம். வெளியாள் ஒருவர் தம் கணினிக்கு உங்கள் கைபேசியின் பெயரையே சூட்டியும் நுழையலாம். எனவே பழக்கமில்லாத பெயரைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், பழக்கமான பெயரைக் கண்டு அமைதியடையவும் வேண்டாம்.

பெயரைவிட உதவியானது அதன் அருகில் இருக்கும் மேக் முகவரி. வலையமைப்பில் ஒரு சாதனத்தை அடையாளம் காட்டும் அது, இரண்டிரண்டு எழுத்துகளாக ஆறு இணைகள் கொண்டது. முதல் மூன்று இணைகள் அந்த வன்பொருளைத் தயாரித்த நிறுவனத்துக்கு ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு ஒதுக்கியவை. இந்த ஒதுக்கீட்டுப் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது, பல தேடல் தளங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. முதல் மூன்று இணைகளை மட்டும் கொடுத்தாலே பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர் வந்துவிடும்.

இங்கே பலர் குழம்புவது ஓர் இடத்தில்தான். தேடலில் வரும் பெயர் பொருளின் மேலுறையில் உள்ள பெயராக இல்லாமல், உள்ளே இருக்கும் வைஃபை சில்லைச் செய்த நிறுவனத்தின் பெயராக இருக்கலாம். திறன் விளக்கு, திறன் பிளக் போன்றவற்றில் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் சில்லுகள் மிகப் பரவலாக உள்ளன. அசூர்வேவ், முராட்டா, லைட்டான் போன்ற பெயர்கள் மடிக்கணினிகளிலிருந்தும் பிற மின்னணுப் பொருள்களிலிருந்தும் வரும். இப்படிக் கேள்விப்படாத பெயர் ஒன்று வந்தால், அந்த நிறுவனம் எதைத் தயாரிக்கிறது என்று தேடிப் பார்த்த பிறகே அடுத்த முடிவுக்குச் செல்லுங்கள்.

மேக் முகவரியைத் தேடினால் எந்த நிறுவனமும் வரவில்லை. அப்படியானால் அது போலி முகவரியா?

முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, A, E ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால், அந்த முகவரி நிறுவனம் இட்டது அன்று, சாதனத்தின் மென்பொருளே உருவாக்கியது. எடுத்துக்காட்டாக 7A என்று தொடங்கும் முகவரியில் இரண்டாவது எழுத்து A என்பதால், அதற்கு நிறுவனத்தின் பெயர் கிடைக்காது.

இது பெரும்பாலும் தீய நோக்கத்தின் அறிகுறி அன்று. ஒரே மேக் முகவரியை எல்லா இடங்களிலும் பயன்படுத்தினால் அதை வைத்தே ஒருவரின் நடமாட்டத்தைப் பின்தொடர முடியும் என்பதால், கைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறொரு தற்செயல் முகவரியை உருவாக்கிக்கொள்கின்றன. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து இது இயல்பான அமைப்பாகவே இருக்கிறது. பட்டியலில் பெயரில்லாமல், நிறுவனமும் இல்லாமல் நிற்கும் பதிவுகளில் பெரும்பகுதி வீட்டாரின் சொந்தக் கைபேசிகளாகவே இருக்கும்.

உறுதி செய்ய, அந்தந்தக் கைபேசியிலேயே பாருங்கள். ஐஃபோனில் வைஃபை அமைப்புக்குச் சென்று, உங்கள் வைஃபை பெயரின் அருகிலுள்ள i குறியைத் தொட்டால், அந்த வலையமைப்பில் கைபேசி பயன்படுத்தும் முகவரி தெரியும். ஆண்ட்ராய்டிலும் இணைந்துள்ள வலையமைப்பின் விவரப் பக்கத்தில் அது இருக்கும். கைபேசியைப் பற்றிய பொதுத் தகவல் பக்கத்தில் இருப்பது வன்பொருளின் அசல் முகவரியாக இருக்கக்கூடும். ரவுட்டர் பட்டியலுடன் அதை ஒப்பிட்டால் பொருந்தாமல் போய், இல்லாத அந்நியர் ஒருவர் இருப்பதாகத் தோன்றிவிடும்.

எங்கள் பட்டியலில் ஒன்பது பதிவுகள். ஆறு எங்களுடையவை என்று தெரிகிறது. மீதி மூன்றை எப்படி அடையாளம் காண்பது?

உங்கள் மூன்று பதிவுகளின் விவரம் தெரியாததால், இத்தகைய பட்டியல்களில் வழக்கமாகக் காணப்படும் மூன்று வகைப் பதிவுகளைக் கொண்டே விளக்குகிறேன். முதலாவதின் பெயர் ESP_3F9A1C, மேக் முகவரி 5C:CF:7F:3F:9A:1C. இரண்டாவதற்குப் பெயரில்லை, முகவரி 7A எனத் தொடங்குகிறது. மூன்றாவதின் பெயர் DESKTOP-7K2M9QP.

முதலாவதில் முகவரியின் முதல் மூன்று இணைகளைத் தேடினால் எஸ்பிரெசிஃப் என்று வரும். பெயரின் பின்பகுதியும் முகவரியின் கடைசி மூன்று இணைகளும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். அந்தச் சில்லில் ஓடும் மென்பொருள், யாரும் பெயர் வைக்காதபோது தானாக அமைத்துக்கொள்ளும் பெயர் இது. ஆகவே வீட்டில் வைஃபை வழியே இயங்கும் பிளக், விளக்கு, சுவிட்ச் ஏதேனும் உண்டா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதன் மின் இணைப்பைத் துண்டித்து, சில நிமிடங்கள் பொறுத்து, வைஃபை பட்டியலைப் புதுப்பியுங்கள். பதிவு மறைந்து, மின்சாரம் கொடுத்ததும் திரும்பி வந்தால் ஐயம் தீர்ந்தது. சந்தேகத்தைத் தீர்க்க நான் எப்போதும் முதலில் பரிந்துரைப்பது இந்த அணைத்துப் பார்க்கும் முறையையே. பெயரும் முகவரியும் ஏமாற்றலாம், ஆனால் அணைத்த பொருள் பட்டியலில் உயிரோடு இருக்க முடியாது.

இரண்டாவது தற்செயல் முகவரி. வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளின் முகவரிகளையும் ஒப்பிட்டும் அது எதனோடும் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது ஒதுக்கீட்டுப் பதிவேட்டில் மட்டும் இருந்து, வைஃபை பட்டியலில் இல்லையென்றால், பழைய பதிவாக இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டார் ஒருவர் தம் கைபேசியில் தற்செயல் முகவரி அமைப்பை மாற்றியிருந்தால், அதே கைபேசி புதிய முகவரியுடன் இரண்டாவது முறையாக இணைந்திருக்கும், பழைய பதிவு தன் காலம் முடியும்வரை அங்கேயே நிற்கும். ஒதுக்கீட்டுக் காலம் முடிந்த பின் அது தானாக மறைந்துவிட்டால், செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

மூன்றாவதுதான் கவனத்துக்குரியது. DESKTOP என்பதைத் தொடர்ந்து ஏழு எழுத்துகள் வருவது, விண்டோஸ் கணினிக்கு யாரும் பெயர் மாற்றாதபோது அது தானே வைத்துக்கொள்ளும் பெயர். மடிக்கணினிக்கும் இத்தகைய பெயர் வரலாம். வீட்டிலுள்ள ஒவ்வொரு கணினியின் பெயரையும் அமைப்புகளில் பார்த்தும் இது கிடைக்கவில்லை என்றால், அந்தப் பதிவின் சிக்னல் அளவைப் பாருங்கள். பல ரவுட்டர்கள் அதை dBm என்ற அலகில் எதிர்ம எண்ணாகக் காட்டும். பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு வலுவான சிக்னல். வீட்டுக்குள் உள்ள கைபேசிகள் -40 முதல் -65 வரை காட்டும்போது, இந்த ஒன்று மட்டும் எப்போதும் -80 அளவில் நின்றால், அது சுவர்களுக்கு அப்பால் இருக்கிறது என்று கருத இடமுண்டு. வீட்டின் கடைக்கோடி அறையில் உள்ள பொருளும் இதே அளவைக் காட்டக்கூடும் என்பதால் இது சான்று ஆகாது, குறிப்பு மட்டுமே. எல்லோருடைய கணினிகளும் அணைந்திருக்கும் நேரத்திலும் இது வைஃபை பட்டியலில் தொடர்ந்து தெரிந்தால், அது உங்களுடையது அன்று என்ற முடிவுக்கு வரலாம்.

அந்த முடிவுக்கு வரும்முன் வீட்டாரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இத்தகைய சாதனங்கள் உள்ளே வருவதற்கு மிக எளிய வழி, வீட்டார் யாரோ எப்போதோ கொடுத்த கடவுச்சொல். அதை மறந்துவிட்டு அடுத்த வீட்டுக்காரர் மேல் பழிபோடுவது தேவையற்ற மனக்கசப்பையே தரும்.

சந்தேகமான சாதனத்தை ரவுட்டரிலேயே பிளாக் செய்துவிட்டால் போதாதா?

போதாது. பிளாக் பொத்தான் தடுப்பது ஒரு மேக் முகவரியைத்தான், அந்த ஆளை அன்று. கடவுச்சொல் அவரிடம் இருக்கும்வரை, முகவரியை மாற்றிக்கொண்டு வேறொரு பதிவாக உள்ளே வர அவரால் முடியும். இன்றைய கைபேசிகளில் இதற்குத் தொழில்நுட்ப அறிவே தேவையில்லை, அமைப்பில் ஒரு தேர்வை மாற்றினாலே போதும்.

தெரிந்த முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் பட்டியலும் நினைப்பதுபோல் உறுதியான காவல் அன்று. வைஃபையில் தரவு மறையாக்கம் செய்யப்பட்டாலும், அனுப்புபவரின் மேக் முகவரி மறைக்கப்படாமலேயே காற்றில் செல்கிறது. அதைக் கேட்டறிந்து தம் கணினிக்கு அதே முகவரியைச் சூட்டிக்கொள்ளலாம். வீட்டாருக்கோ, கைபேசி முகவரியை மாற்றும் ஒவ்வொரு முறையும் இணையம் கிடைக்காமல் போகும்.

பிளாக் வசதிக்கு நல்ல பயன் ஒன்று உண்டு. எது என்று தெரியாத பதிவைத் தற்காலிகமாகத் தடுத்துவிட்டு, வீட்டில் எது வேலை செய்யாமல் நிற்கிறது என்று கவனிக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தடுங்கள், நீங்கள் அமர்ந்திருக்கும் கணினியைத் தவறுதலாகத் தடுத்துவிடாதீர்கள். உடல்நிலையைக் கண்காணிக்கும் கருவி, எச்சரிக்கை மணி, கண்காணிப்புக் கேமரா போன்றவை வீட்டில் இருந்தால், அவற்றின் முகவரிகளை முதலில் உறுதி செய்துகொண்ட பிறகே இந்தச் சோதனையில் இறங்குங்கள்.

அப்படியென்றால் பாதுகாப்பாக வெளியேற்றும் முறைதான் என்ன?

வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவதே உண்மையான வெளியேற்றம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம். அதைத் தலைகீழாகச் செய்தவர்களே பெரும்பாலும் அதே சாதனத்தை மறுபடி பார்க்கிறார்கள்.

முதலில், பட்டியலைத் திரைப்பிடிப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மேக் முகவரி, பெயர், நேரம் மூன்றும் தெரிய வேண்டும். மாற்றங்களைச் செய்த பிறகு பழைய பட்டியல் கிடைக்காது, பின்னால் புகார் அளிக்க நேர்ந்தால் இதுவே ஆதாரம்.

அடுத்து, கணினியைக் கம்பி வழியே ரவுட்டருடன் இணைத்து நிர்வாகப் பக்கத்துக்குள் செல்லுங்கள். பல ரவுட்டர்களின் நிர்வாகப் பக்கம் இன்னும் மறையாக்கம் இல்லாமலே இயங்குகிறது. வைஃபை கடவுச்சொல் தெரிந்த ஒருவர் அதே வலையமைப்பில் இருக்கும்போது, நீங்கள் வைஃபை வழியே இடும் புதிய கடவுச்சொல்லை அவர் ஒட்டுக்கேட்க வாய்ப்புண்டு. கம்பியில் சென்றால் அது காற்றிலேயே போகாது. தவிர, கடவுச்சொல்லை மாற்றிய கணமே உங்கள் இணைப்பு அறுந்து பாதியில் நிற்கவும் நேராது.

உள்ளே சென்றதும் முதலில் மாற்ற வேண்டியது நிர்வாகக் கடவுச்சொல். இதை விட்டுவிட்டு வைஃபை கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால், நிர்வாகக் கடவுச்சொல்லை அறிந்த ஒருவருக்கு மறுபடி நுழையும் வழி இருந்துகொண்டே இருக்கும். வைஃபை கடவுச்சொல்லை நிர்வாகப் பக்கத்திலேயே படிக்க முடிகிற ரவுட்டர்கள் பல. அந்த அமர்விலேயே, வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் Remote Management என்ற வசதி தேவையில்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

பிறகு, வைஃபை கடவுச்சொல்லைத் தட்டச்சிடாமலேயே சாதனங்களை இணைக்க உதவும் WPS என்ற வசதியை அணையுங்கள். எட்டு இலக்க எண்ணைக் கொண்டு இணையும் அதன் முறையில், அந்த எண்ணை இரு பாதிகளாக ரவுட்டர் தனித்தனியே சரிபார்க்கிறது, கடைசி இலக்கமும் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. எனவே முயன்று பார்க்க வேண்டிய எண்கள் அதிகபட்சம் 11,000 மட்டுமே. இக்குறை 2011-இல் வெளியாயிற்று. இந்த வழி திறந்திருந்தால் வைஃபை கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை. ரவுட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதுப்பிப்பு காத்திருந்தால் இப்போதே நிறுவிவிடுவது நல்லது.

இதன் பிறகே வைஃபை கடவுச்சொல். குறைந்தபட்சம் எட்டு எழுத்துகள் இருந்தால் ரவுட்டர் ஏற்றுக்கொள்ளும், 63 எழுத்துகள் வரை இடலாம். எட்டோடு நிறுத்தாதீர்கள். இணைப்பு நிகழும் தருணத்தில் பரிமாறப்படும் தகவலை ஒருமுறை பதிவு செய்துகொண்டால், அதன் பிறகு உங்கள் ரவுட்டரின் பக்கமே வராமல், தம் கணினியில் கோடிக்கணக்கான சொற்களை ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பெயர், பிறந்த நாள், கைபேசி எண் போன்றவை இதில் முதலில் விழும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்தெழுதினால் இருபது எழுத்துகளைத் தாண்டிவிடும், வீட்டாருக்கும் தட்டச்சிட எளிது. பாதுகாப்பு வகையில் WPA3 இருந்தால் தேர்ந்தெடுக்கலாம். பழைய பிளக்குகளும் விளக்குகளும் அதில் இணையாமல் போனால், WPA2/WPA3 என்ற கலப்பு வகையை வையுங்கள்.

சேமித்ததும் வைஃபையில் உள்ள எல்லாச் சாதனங்களும் வெளியேறும். அவற்றை மறுபடி சேர்க்கும்போது, ஒவ்வொன்றாகச் சேர்த்து, பட்டியலில் புதிதாகத் தோன்றும் பதிவுக்கு அங்கேயே பெயர் சூட்டுங்கள். பல ரவுட்டர்கள் இந்த வசதியைத் தருகின்றன. அடுத்த முறை பட்டியலைப் பார்க்கும்போது பெயரில்லாதது எது என்று ஒரே பார்வையில் தெரியும் என்பதால், இந்தச் சிறு உழைப்பைத் தவிர்க்க வேண்டாம் என்று அழுத்தியே சொல்வேன்.

கடவுச்சொல்லை மாற்றியும் அதே பதிவு பட்டியலில் இருக்கிறது. ஏன்?

முதலில் அது எந்தப் பட்டியல் என்று பாருங்கள். ஒதுக்கீட்டுப் பதிவேட்டில் மட்டும் இருந்தால் அது பழைய பதிவு. ரவுட்டரை ஒருமுறை அணைத்து இயக்கினால் பெரும்பாலும் போய்விடும்.

வைஃபை பட்டியலிலேயே இருந்தால், பழைய கடவுச்சொல்லுடன் இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. பல ரவுட்டர்களில் 2.4 மற்றும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்குத் தனித்தனிக் கடவுச்சொற்கள் உண்டு, ஒன்றை மாற்றி மற்றொன்றை மறந்துவிடுவது மிகச் சாதாரணம். கெஸ்ட் நெட்வொர்க்குக்கும் தனிக் கடவுச்சொல் உண்டு. வைஃபை எக்ஸ்டெண்டர் கம்பி வழியே ரவுட்டருடன் இணைந்திருந்தால், அது தன் பழைய கடவுச்சொல்லுடன் தொடர்ந்து ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும், எனவே அதன் கடவுச்சொல்லையும் அதனுள்ளே சென்று மாற்ற வேண்டும். கம்பியில் இணைந்த சாதனம் என்று பட்டியல் சொன்னால், ரவுட்டரின் பின்புறத்திலுள்ள ஒவ்வொரு கேபிளும் எங்கே போகிறது என்று கையால் பிடித்துப் பார்ப்பதே வழி.

இவை எதுவும் இல்லையென்றால், புதிய கடவுச்சொல்லை வீட்டார் ஒருவர் மறுபடி பகிர்ந்திருக்கலாம். கைபேசியில் கியூஆர் குறியைக் காட்டிப் பகிர்வது நொடி வேலை. விருந்தினருக்கு இணையம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கெஸ்ட் நெட்வொர்க்கை மட்டும் கொடுங்கள்.

ரவுட்டரை ரீசெட் செய்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

யாரோ நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி உங்களையே வெளியே நிறுத்தியிருந்தால், ரீசெட் தவிர வேறு வழியில்லை. மற்றபடி அது கடைசி வழி. ரீசெட் செய்தால், இணையச் சேவை நிறுவனம் கொடுத்த பயனர் பெயர், கடவுச்சொல், VLAN எண் போன்றவையும் சேர்ந்தே அழியலாம், அவை கையில் இல்லாவிட்டால் இணையமே வராது. முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். ரீசெட்டுக்குப் பின் நிர்வாகக் கடவுச்சொல்லும் வைஃபை கடவுச்சொல்லும் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும், WPS-உம் மறுபடி இயங்கத் தொடங்கலாம். எனவே மேலே சொன்ன வரிசையை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பட்டியலில் சந்தேகமான எதுவும் இல்லை. அப்படியானால் யாரும் உள்ளே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாமா?

பட்டியலுக்குச் சில எல்லைகள் உண்டு. ரவுட்டரிடம் முகவரி கேட்காமல், தானே ஓர் ஐபி முகவரியை அமைத்துக்கொண்டு இணையும் சாதனம் ஒதுக்கீட்டுப் பதிவேட்டில் வராது. வைஃபை பட்டியலில்தான் அது தெரியும். எக்ஸ்டெண்டருக்குப் பின்னால் உள்ள சாதனங்கள், சில மாதிரிகளில், எக்ஸ்டெண்டரின் மேக் முகவரியிலேயே தோன்றும். இணையாமல் காற்றில் செல்வதைப் பதிவு மட்டும் செய்பவர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்.

முன்பு உள்ளே வந்து சென்ற ஒருவர் ரவுட்டரின் அமைப்புகளை மாற்றி வைத்திருக்கவும் கூடும், அதைச் சாதனப் பட்டியல் காட்டாது. DNS என்ற பகுதியில் உங்கள் சேவை நிறுவனமோ நீங்களோ இடாத முகவரி இருக்கிறதா, வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வீட்டுச் சாதனங்களுக்கு அனுப்பும் Port Forwarding பகுதியில் நீங்கள் உருவாக்காத விதி இருக்கிறதா என்று பாருங்கள். DNS முகவரி மாற்றப்பட்டிருந்தால், நீங்கள் தட்டச்சிடும் தளத்தின் பெயருக்கு வேறொரு கணினியைக் காட்ட அவரால் முடியும். அப்படி ஏதேனும் கண்டால் அதையும் திரைப்பிடிப்பு எடுத்துவிட்டு, ரீசெட் செய்து, ஃபர்ம்வேரை மறுபடி நிறுவி, அந்த ரவுட்டர் வழியே அண்மையில் பயன்படுத்திய வங்கி மற்றும் மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்களைக் கைபேசித் தரவு இணைப்பிலிருந்து மாற்றுங்கள்.